"வி ஆர் ஹயரிங்" போஸ்ட்டுக்குக் கீழே "இன்ட்ரெஸ்டட்" போட்டால் யாராவது பார்க்கிறார்களா? கமெண்ட்டா, டிஎம்மா?

திண்டுக்கல் கார்த்தி

வணக்கம். லிங்க்ட்இனில் ஒரு டீம் லீட் நேற்றுப் போட்ட போஸ்ட் இது. சுருக்கித் தருகிறேன்: "எங்கள் டீமுக்கு டெஸ்ட் ஆட்டோமேஷன் ஆள் தேவை. 3 முதல் 5 வருட அனுபவம். செலினியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங் தெரிந்திருக்க வேண்டும். சென்னை, வாரம் 3 நாள் ஆபீஸ். 30 நாளுக்குள் சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. விருப்பமுள்ளவர்கள் கமெண்ட் செய்யலாம் அல்லது டிஎம் அனுப்பலாம்."

இப்போதே 400 கமெண்ட்டுக்கு மேல் போய்விட்டது. முக்கால்வாசி "இன்ட்ரெஸ்டட்", மீதி "ப்ளீஸ் செக் டிஎம்". எனக்கு 4 வருட அனுபவம், சென்னையில்தான் இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். அந்த டீம் லீட் என் கனெக்‌ஷனில் இல்லை. இந்தக் கூட்டத்தில் என் பெயர் அவர் கண்ணில் படும்படி என்ன எழுதலாம், எங்கே எழுதலாம்?

அருண் மதுரை

ப்ரோ, போஸ்ட் வந்த முதல் ஒரு மணி நேரத்துல கமெண்ட் போட்டுடணும், அதான் மேட்டரே. இப்ப லேட். ஆனாலும் "CFBR" போட்டுட்டு, கீழேயே உங்க ஃபோன் நம்பர், மெயில் ஐடி ரெண்டையும் போட்டுடுங்க. எச்.ஆர். நேரா கூப்பிடுவாங்க. டிஎம்மெல்லாம் யாரும் படிக்கிறதில்ல.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

அருண் சொல்வதில் ஒரு பாதி சரி. சீக்கிரம் போடும் கமெண்ட்டுக்கு நிஜமாகவே பலன் உண்டு. முதல் இருபது முப்பது கமெண்ட்டைப் போஸ்ட் போட்டவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். அதற்குப் பிறகு நோட்டிஃபிகேஷன் "இன்னாரும் மற்றும் 37 பேரும் கமெண்ட் செய்துள்ளனர்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அப்புறம் அவர் உள்ளே போய் வேகமாக மேலிருந்து கீழே தள்ளிப் பார்ப்பதோடு சரி.

"CFBR" என்பது "கமெண்டிங் ஃபார் பெட்டர் ரீச்". போஸ்ட் இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேர உதவும். அதாவது உங்களுக்குப் போட்டியாக இன்னும் நாலு பேரைக் கூட்டி வரும். வேலை தேடுபவர் அதைப் போடக் காரணமே இல்லை.

ஃபோன் நம்பரைப் பொதுவில் போடவே வேண்டாம். இந்த மாதிரிப் போஸ்ட்டுகளின் கீழேயிருந்து நம்பர்களைத் திரட்டி, "உங்கள் ப்ரொஃபைல் செலக்ட் ஆகிவிட்டது, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை தேடும் பதற்றத்தில் இருப்பவர் என்று அந்த கமெண்ட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கார்த்தி, எழுதுவதற்கு முன்னால் போஸ்ட் போட்டவர் யார் என்று பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் எல்லாம். ரெக்ரூட்டர் என்றால் அவர் ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். எந்த வேலை, மொத்த அனுபவம் எவ்வளவு, எந்த ஊர், நோட்டீஸ் எத்தனை நாள், ரெஸ்யூமே எங்கே என்பதுதான் அவருக்கு வேண்டும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் திரும்பக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது, அடுத்தவருக்குப் போய்விடுவார். டீம் லீட் அல்லது மேனேஜர் என்றால் இந்த ஆளால் வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மூன்றாவது வகை, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் ரெஃபரலுக்காகப் பகிர்ந்திருப்பது. அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. உள்ளே போர்ட்டலில் நிரப்பத் தேவையான ஜாப் ஐடி, பெயர், மெயில், ஃபோன், ரெஸ்யூமே எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது.

உங்களுடையது இரண்டாவது வகை. அதற்குத் தகுந்த மாதிரி எழுதுங்கள்.

நிவேதா ஆர்

அக்கா, எனக்கும் இதே பிரச்சனைதான், ஆனா நான் அக்கவுண்ட்ஸ். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் தெரியும், 2 வருஷ அனுபவம். கார்த்தி சொன்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேக்கன்சி இருக்கான்னு அந்தப் போஸ்ட்லயே கேக்கலாமா? இன்னொண்ணு, என் இப்போதைய மேனேஜர் என் கனெக்‌ஷன்ல இருக்கார்.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

நிவேதா, டெஸ்டிங் போஸ்ட்டின் கீழே அக்கவுண்ட்ஸ் கேட்டால் பதில் வராதும்மா. அந்தக் கம்பெனியின் கேரியர் பக்கத்தில் முதலில் பாருங்கள். அங்கே அக்கவுண்ட்ஸ் வேலை இருந்தால் அதன் ஜாப் ஐடியோடு அந்தக் கம்பெனி ரெக்ரூட்டருக்குத் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவதாகக் கேட்டது முக்கியமான விஷயம். நீங்கள் போடும் கமெண்ட் உங்கள் ப்ரொஃபைலில் ஆக்டிவிட்டி பகுதியில் நிற்கும், உங்கள் கனெக்‌ஷன்களின் ஃபீடிலும் போய் விழலாம். லைக்கும் அப்படித்தான். "ஓப்பன் டு வொர்க்" என்பதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு, ஹயரிங் போஸ்ட்டில் பகிரங்கமாக கமெண்ட் போட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுபவர் கமெண்ட் பக்கமே போகாமல் டிஎம் அல்லது மெயிலோடு நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு.

திண்டுக்கல் கார்த்தி

நன்றி மேடம். டிஎம் அனுப்பலாம் என்று போனால் மெசேஜ் பட்டனை அழுத்தியதும் ப்ரீமியம் வாங்கச் சொல்கிறது. இதற்காகக் காசு கட்டத்தான் வேண்டுமா?

செல்வம் QA

கட்ட வேணாம் தம்பி. நான் டெஸ்டிங் டீமுக்கு ஆள் எடுக்குற பக்கம் இருக்கேன், அதனால அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

வழி மூணு இருக்கு. சிலர் ப்ரீமியம் வச்சுக்கிட்டு ப்ரொஃபைலை ஓப்பனா விட்டிருப்பாங்க, அவங்களுக்கு யார் வேணாலும் இலவசமா மெசேஜ் அனுப்பலாம். ரெண்டாவது, அவரும் நீயும் ஒரே லிங்க்ட்இன் குரூப்ல இருந்தா, குரூப் உறுப்பினர் பட்டியல்ல அவர் பேரைத் தேடி அங்கேயிருந்து அனுப்பலாம். ஆட்டோமேஷன் டெஸ்டிங் குரூப் நிறைய இருக்கு, இது பல பேருக்குத் தெரியாது. மூணாவது, கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட்டோட சின்னதா ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்புக்கு இலவசக் கணக்குல 200 எழுத்துதான் இடம். மாசத்துக்கு இத்தனைதான்னு எண்ணிக்கை வேற உண்டு. அதனால பாக்குற போஸ்ட்டுக்கெல்லாம் செலவழிக்காதே, பொருந்துற வேலைக்கு மட்டும் வச்சுக்கோ. "தங்கள் வலைப்பின்னலில் இணைய ஆவலாக உள்ளேன்"னு ஆரம்பிச்சா 200ல அஞ்சுல ஒரு பங்கு அங்கேயே போச்சு. இப்படி இருக்கணும்:

"உங்கள் டெஸ்ட் ஆட்டோமேஷன் போஸ்ட் பற்றி: டெஸ்டிங்கில் 4 வருடம், செலினியம்-ஜாவா, ஏபிஐ டெஸ்டிங். சென்னை. நோட்டீஸ் 60 நாள். விவரம் அனுப்பலாமா?"

போஸ்ட் இங்கிலீஷ்ல இருந்தா இதையே இங்கிலீஷ்ல எழுது, அப்பவும் 200க்குள்ள அடங்கும். ரெஸ்யூமேயை இந்தக் குறிப்போட இணைக்க முடியாது. அவர் ஏத்துக்கிட்ட பிறகுதான் ஃபைல் அனுப்ப முடியும்.

ஒண்ணு கவனிச்சுக்கோ. அவசரத்துல குறிப்பு இல்லாம வெறும் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு, அதை வாபஸ் வாங்கிட்டு மறுபடி குறிப்போட அனுப்பலாம்னு நினைக்காதே. வாபஸ் வாங்கினா மூணு வாரம் வரைக்கும் அதே ஆளுக்குத் திரும்ப அனுப்ப விடாது. அதுக்குள்ள இடம் நிரம்பிடும்.

அருண் மதுரை

அண்ணே, ஏத்துக்கிட்டதும் முதல்ல "ஹாய் சார்"னு ஒரு மெசேஜ் போட்டுட்டு, அவர் ரிப்ளை பண்ணின பிறகு விஷயத்தைச் சொல்றதுதானே மரியாதை?

செல்வம் QA

இல்ல அருண். இன்பாக்ஸ்ல பேருக்குக் கீழே முதல் வரி மட்டும்தான் தெரியும். "ஹாய் சார்"னு அம்பது பேர் வரிசையா நின்னா எதைத் திறக்குறது? முதல் வரியிலயே எந்த வேலை, எத்தனை வருஷம், எந்த ஸ்கில்ன்னு இருந்தா அதைத்தான் திறப்பாங்க. வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜ்ல இருக்கட்டும், மரியாதை ஒண்ணும் குறையாது.

கார்த்தி, இப்ப என்ன வேலை பண்றேன்னு ரெண்டு வரி எழுது. எத்தனை கேஸ், எந்த டூல், எப்படி ஓடுது. நோட்டீஸ் நாளுக்குப் பதிலா பணம் கட்டிட்டுச் சீக்கிரம் கிளம்புற பை-அவுட் வாய்ப்பு இருக்கான்னும் சொல்லு.

திண்டுக்கல் கார்த்தி

பணப் பரிமாற்ற ஆப் ஒன்றுக்கு வேலை செய்கிறேன் அண்ணே. மொத்தம் 4 வருடம், முதல் ஒன்றரை வருடம் மேனுவல். அப்புறம் செலினியம், ஜாவா, டெஸ்ட்என்ஜி. ரிக்ரெஷன் கேஸ் 220 ஆட்டோமேட் செய்திருக்கிறேன், ஜென்கின்ஸில் தினமும் இரவு ஓடும். ஏபிஐக்கு ரெஸ்ட் அஷ்யூர்ட். பை-அவுட் எங்கள் கம்பெனியில் உண்டு, ஆனால் மேனேஜர் சம்மதிக்க வேண்டும். இன்னும் ரிசைன் செய்யவில்லை.

நான் எழுதி வைத்திருந்தது: "மதிப்பிற்குரிய ஐயா, நான் மிகுந்த ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட டெஸ்ட் எஞ்சினியர். உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். என் ப்ரொஃபைலைப் பார்க்கவும்."

செல்வம் QA

இதுல நீ யாருன்னே தெரியல தம்பி. யார் பேரை வேணாலும் மேலே போட்டு எந்தக் கம்பெனிக்கு வேணாலும் அனுப்பலாம். இப்ப நீ சொன்ன விவரத்தை வச்சே எழுதுவோம்:

"வணக்கம். உங்கள் டெஸ்ட் ஆட்டோமேஷன் (சென்னை) போஸ்ட் பற்றி எழுதுகிறேன். டெஸ்டிங்கில் 4 வருடம், அதில் இரண்டரை வருடம் செலினியம்-ஜாவா. தற்போது ஒரு பணப் பரிமாற்ற ஆப்பின் 220 ரிக்ரெஷன் கேஸ்களை ஆட்டோமேட் செய்து ஜென்கின்ஸில் தினமும் இரவு ஓட வைக்கிறேன். ஏபிஐ டெஸ்டிங் ரெஸ்ட் அஷ்யூர்ட்டில். சென்னையில் இருக்கிறேன், வாரம் 3 நாள் ஆபீஸ் வருவதில் சிக்கல் இல்லை. நோட்டீஸ் 60 நாள். பை-அவுட் உண்டு, மேனேஜர் ஒப்புதலுக்கு உட்பட்டது. ரெஸ்யூமே இணைத்துள்ளேன். 60 நாள் என்றால் பரிசீலிப்பீர்களா?"

ஏன் இப்படின்னு சொல்றேன். போஸ்ட்ல அவர் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் இதுல பதில் இருக்கு, அவர் எழுதின அதே வரிசையில. வருஷத்தைப் பிரிச்சு எழுதினது ரொம்ப முக்கியம். "4 வருஷ ஆட்டோமேஷன்"னு அடிச்சுவிட்டு ரெஸ்யூமேல ஒன்றரை வருஷம் மேனுவல்னு இருந்தா, மெசேஜும் ரெஸ்யூமேயும் முரண்படும். அங்கேயே ஓரமா வச்சிடுவோம். இரண்டரை வருஷம் குறைச்சல் இல்ல, அப்படியே சொல்லு.

220 கேஸ், தினமும் இரவுன்னு சொன்னதுல வேலை பண்ற ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அடுத்து நான் கேக்கப்போறது, ராத்திரி ஃபெயில் ஆகுற கேஸ்ல எத்தனை நிஜமான பக், எத்தனை ஸ்க்ரிப்ட் கோளாறுன்னு. அதுக்குப் பதிலைத் தயாரா வச்சுக்கோ, மெசேஜ்ல எழுத வேணாம்.

கடைசிக் கேள்விக்கு "ஆமா" "இல்ல"ன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லலாம். பஸ்ல நின்னுக்கிட்டே கூட பதில் போடுவாங்க. "வழிகாட்டுங்கள்", "ப்ரொஃபைலைப் பாருங்கள்"னு முடிச்சா பதில் சொல்றதே அவருக்கு ஒரு வேலை ஆகிடும்.

லோகேஷ் 92

நோட்டீஸ் 60 நாள்னு சொன்னா கதவு மூடிடுமே? 30ன்னு சொல்லிட்டு ஆஃபர் வந்த பிறகு பேசிக்கலாமே.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

வேண்டாம் லோகேஷ். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி போட்டுவிடுவார்கள். சேரும்போது பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள். 30 நாளில் அதைக் கொண்டுவர முடியாவிட்டால் ஆஃபர் கைவிட்டுப் போகும் அபாயம் உங்களுக்குத்தான். போஸ்ட்டில் "முன்னுரிமை" என்றுதானே இருக்கிறது, "கட்டாயம்" என்று இல்லை. கட்டாயம் என்று இருந்தால் எழுதாமலிருப்பதே மேல்.

செல்வம் QA

எனக்கு இதுல கொஞ்சம் வேற கருத்து மேடம். கட்டாயம்னு போட்டிருந்தாலும் நல்ல ஆளா இருந்தா லீட் எச்.ஆரோட பேசிப் பார்ப்பாங்க. நிஜமான நோட்டீஸைச் சொல்லிட்டு அனுப்புறதுல தப்பில்ல.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

லீட் பேசலாம். ஆனால் ரெக்ரூட்டர் நோட்டீஸ் பீரியடை வைத்து வடிகட்டிய பட்டியலில் அவர் பெயரே வந்திருக்காது. யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்வோம்.

திண்டுக்கல் கார்த்தி

அப்படியானால் கமெண்ட் போடவே வேண்டாமா? நான் தேடுவது என் மேனேஜருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் எனக்கு அந்தப் பயம் இல்லை.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

அப்படியென்றால் போடுங்கள், ஆனால் டிஎம்முக்குத் துணையாக. கமெண்ட்டில் உங்கள் பெயருக்குக் கீழே ப்ரொஃபைல் ஹெட்லைன் சிறிய எழுத்தில் வரும், நீளமாக இருந்தால் பாதியில் வெட்டுப்படும். அதை முதலில் சரிசெய்யுங்கள். "ஆர்வமிக்க கற்றல் விரும்பி" என்று தொடங்கும் ஹெட்லைன் வெட்டுப்பட்டால் உங்கள் தொழில் என்ன என்பதே தெரியாது. "டெஸ்ட் ஆட்டோமேஷன், செலினியம்-ஜாவா, டெஸ்டிங்கில் 4 வருடம்" என்று ஆரம்பியுங்கள்.

கமெண்ட் இரண்டு வரி போதும், மீதி "மேலும்" என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். "செலினியம்-ஜாவா, ரெஸ்ட் அஷ்யூர்ட், டெஸ்டிங்கில் 4 வருடம், சென்னை. விவரத்துடன் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பியுள்ளேன்." பிறகு அவர் ரிக்வெஸ்ட் பட்டியலைத் திறக்கும்போது இந்தப் பெயரை எங்கோ பார்த்தோமே என்று ஒரு நொடி நிற்பார்.

சிலர் வேலையைப் பற்றி உருப்படியான கேள்வி ஒன்றை கமெண்ட்டில் கேட்பார்கள். "ஏபிஐ டெஸ்ட்டுகள் தனி ப்ராஜெக்ட்டா, யுஐ டெஸ்ட்டோடு சேர்ந்தா?" என்பது மாதிரி. அதற்கு லீட் பதில் சொன்னால் உங்கள் பெயர் மற்ற 400ல் இருந்து தனித்துத் தெரியும். போஸ்ட்டிலேயே பதில் இருக்கும் கேள்வியைக் கேட்டால் நேர் எதிராகத்தான் போகும். லொகேஷன் என்ன, அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்பவர்கள் படிக்காமலே வந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.

செல்வம் QA

அந்தக் கேள்வி வித்தையில எனக்கு நம்பிக்கை இல்ல. பொதுவுல நாலு பேர் அப்படிக் கேட்டா பதில் சொல்ல லீடுக்கு நேரம் கிடையாது. பதில் வராம நிக்குற கேள்வி பாக்க நல்லாவும் இருக்காது. நான் கமெண்ட்டைவிட டிஎம்மைத்தான் பாப்பேன்.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

நான் முதலில் கமெண்ட்டுகளைத்தான் பார்ப்பேன். டிஎம் சில நேரம் "அதர்" பெட்டிக்குள் போய் விழுந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் மாறும்.

பெனடிக்ட் ஜே

விண்ணப்பம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டீம் லீட், ரெக்ரூட்டர் போஸ்ட் என்றால் கேரியர் பக்கத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த விண்ணப்ப எண்ணையும் மெசேஜில் சொல்வது நல்லது. லீடுக்கு உங்களைப் பிடித்தாலும் அவர் சிஸ்டத்தில் பெயரைத் தேட வேண்டுமே.

ஊழியர் ஒருவர் ரெஃபரலுக்காகப் போட்டிருந்தால் வரிசை தலைகீழ். முதலில் அவரைக் கேளுங்கள், அதுவரை விண்ணப்பிக்காதீர்கள். பல கம்பெனிகளில் அதே மெயில் ஐடியில் ஏற்கெனவே விண்ணப்பம் இருந்தால், ரெஃபரல் போர்ட்டல் "இவர் ஏற்கெனவே உள்ளார்" என்று தள்ளிவிடும். ரெஃபர் செய்பவருக்கு போனஸும் கிடைக்காது. கன்சல்டன்சி வழியாக உங்கள் ரெஸ்யூமே முன்பே அங்கே போயிருந்தாலும் இதே கதைதான். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லோகேஷ் 92

ரெஸ்யூமேயை டிரைவ் லிங்க்காக அனுப்பலாமா? நான் அப்படித்தான் இருபது முப்பது பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பார்த்த மாதிரி தெரியல.

பெனடிக்ட் ஜே

அந்த லிங்க்கை ப்ரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் நீங்களே திறந்து பாருங்கள். கூகுள் டிரைவில் ஃபைல் முதலில் `Restricted` என்றுதான் இருக்கும். நீங்கள் அதை `Anyone with the link` என்று மாற்றாவிட்டால், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அனுமதி கேட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் மெயிலில் "அக்சஸ் ரிக்வெஸ்ட்" ஏதாவது வந்து படிக்காமல் கிடக்கிறதா என்று தேடுங்கள், வந்திருந்தால் காரணம் தெரிந்துவிடும்.

டிஎம்மில் நேராக பிடிஎஃப் இணைப்பதே நல்லது. ஃபைல் பெயர் "ரெஸ்யூமே ஃபைனல் 3" என்று இருந்தால் அவர் டவுன்லோட் செய்த பிறகு யாருடையது என்று தெரியாது. பெயர், வேலை, வருடம் மூன்றும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும்.

லோகேஷ் 92

பார்த்தேன். எட்டு அக்சஸ் ரிக்வெஸ்ட் ப்ரமோஷன்ஸ் டேபில் கிடக்கிறது. பழசு மூன்று மாதத்துக்கு முந்தையது. இப்போது அனுமதி கொடுத்தால் பலன் உண்டா?

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

கடைசி இரண்டு வாரத்தில் வந்ததற்கு மட்டும் கொடுங்கள். கூடவே அந்த ஆளுக்கு பிடிஎஃப்பை இணைத்து ஒரே வரியில் எழுதுங்கள். பழையவற்றுக்கு அந்தப் போஸ்ட் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

திண்டுக்கல் கார்த்தி

குறிப்போடு ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டேன், ஹெட்லைனையும் மாற்றிவிட்டேன், இரண்டு வரி கமெண்ட்டும் போட்டாகிவிட்டது. இரண்டு கேள்வி பாக்கி. பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்துத் திரும்பக் கேட்கலாம்? எதிர்பார்க்கும் சம்பளத்தை மெசேஜில் எழுத வேண்டுமா?

செல்வம் QA

அஞ்சு வேலை நாள் விட்டு ஒரே ஒரு தடவை. "பார்த்தீர்களா?"ன்னு கேக்காதே. புதுசா ஏதாவது சொல்ல இருந்தா சொல்லு. மேனேஜர் பை-அவுட்டுக்கு ஒத்துக்கிட்டாருன்னா அதுதான் அந்த மெசேஜ்: "இப்போது 30 நாளில் சேர முடியும்." அதுக்கும் பதில் இல்லேன்னா விட்டுடு.

சம்பளம் லீடுக்கு எழுதாதே. அது அவர் கையில இல்ல.

சுபத்ரா (ரெக்ரூட்மென்ட்)

லீடுக்கு வேண்டாம், சரி. ஆனால் அவர் உங்களை எச்.ஆருக்குத் தள்ளிவிட்டதும் முதல் ஃபோனிலேயே இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி இரண்டும் கேட்பார்கள். அப்போது தடுமாறாமல் ஒரு எண் சொல்லத் தயாராக இருங்கள்.

திண்டுக்கல் கார்த்தி

ரிக்வெஸ்ட்டை ஏற்றுக்கொண்டார்! முழு மெசேஜும் பிடிஎஃப்பும் அனுப்பிவிட்டேன். விண்ணப்ப எண்ணையும் சேர்த்தேன். "60 நாள் கஷ்டம், பை-அவுட் உறுதியா?" என்று கேட்டிருக்கிறார். மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை. ஆஃபர் கையில் இல்லாமல் பை-அவுட் பற்றி எப்படிக் கேட்பது?

செல்வம் QA

அவருக்கு இன்னைக்கே பதில் போடு, காக்க வைக்காதே: "கம்பெனி விதியில் பை-அவுட் உண்டு, ஆஃபருக்குப் பிறகுதான் உறுதிசெய்ய முடியும்." உங்க எச்.ஆர். பாலிசி டாக்குமெண்ட்ல பை-அவுட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல எடுத்துப் படி. சில இடத்துல பேசிக் சம்பளத்தை வச்சுக் கணக்கு, சில இடத்துல மொத்தச் சம்பளத்தை வச்சு. பணத்தை யார் கட்டுறதுங்கிறது புதுக் கம்பெனியோட பிறகு பேச வேண்டியது.

நிவேதா ஆர்

சுபத்ரா அக்கா, நீங்க சொன்ன மாதிரி கேரியர் பக்கத்துல பாத்தேன். ஜிஎஸ்டி எக்ஸிக்யூட்டிவ்னு ஒண்ணு இருக்கு, ஆனா 3 வருஷம் கேக்குறாங்க, எனக்கு 2தான். எழுதலாமா?